இரண்டு கிராம் வித்தியாசம்

"அம்மா இறந்த பிறகு அக்காவும் தங்கையும் நகைகளைப் பங்கு போடுவதை வைத்து ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். சண்டை எதுவும் வேண்டாம், எல்லாம் அமைதியாக நடக்க வேண்டும், ஆனால் பழைய மனத்தாங்கல் தெரிய வேண்டும். படித்தவர்கள் 'ஒன்றுமே நடக்கவில்லையே' என்கிறார்கள். எங்கே தவறு?"

உங்கள் கதையில் அவர்கள் நகையை எந்த முறைப்படி பிரிக்கிறார்கள்? முதலில் அதைப் பாருங்கள். இந்த மாதிரிக் கதைகள் நிறையப் படித்திருக்கிறேன். பெரும்பாலும் "பெட்டியைத் திறந்தார்கள், ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்துக்கொண்டார்கள்" என்று அந்த இடம் இரண்டு வரியில் முடிந்துவிடும். மீதி முழுக்கப் பழைய நினைவுகள். கதை நடக்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டு, நடந்து முடிந்ததைப் பற்றி மனதுக்குள் பேசிக்கொண்டிருக்கிறோம். வாசகருக்கு ஒன்றும் நடக்காத மாதிரி இருப்பது அதனால்தான்.

எழுத வருவதற்கு முன்னால் ஒரு நகைப் பட்டறையில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். பங்கு பிரித்த நகைகளை எடை போட்டுப் பார்க்கக் கொண்டுவருவார்கள். அப்போது கவனித்த ஒன்று: சண்டை போடாமல் பிரித்துக்கொண்டவர்கள் எல்லோரிடமும் ஏதோ ஒரு விதி இருந்திருக்கும். விதி இருந்தால் பேச வேண்டிய தேவை குறைந்துவிடுகிறது. நீங்கள் தேடுகிற அமைதி அங்கேதான் இருக்கிறது. மனதில் உள்ளதைச் சொல்லாமல், விதிக்குள் நின்றபடி கையால் செய்துவிடலாம்.

எல்லாவற்றையும் விற்றுப் பணத்தைச் சமமாகப் பிரித்தால் நியாயம் கிடைக்கும், கதை போய்விடும். மாற்றி மாற்றி ஒவ்வொன்றாக எடுப்பது பரவாயில்லை. யார் முதலில் எதன் மேல் கை வைக்கிறார் என்பதே ஒரு செய்திதான். ஆனால் ஐந்து நகை இருந்தால் முதலில் எடுத்தவளுக்கு மூன்று, அடுத்தவளுக்கு இரண்டு. எனக்குப் பிடித்தது மூன்றாவது முறை: ஒருத்தி இரண்டு குவியலாகப் பிரிக்க வேண்டும், மற்றவள் எந்தக் குவியல் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். குழந்தைகளுக்குத் தின்பண்டம் பிரிக்கிற அதே விதி. நியாயமானதுதான், ஆனால் பிரிப்பவளைக் காட்டிக்கொடுத்துவிடும். தனக்கு ஒரு பொருள் வேண்டும் என்று அவள் நினைத்தால், எதிர்க்குவியலைத் தங்கைக்குப் பிடித்த மாதிரி கனமாக்கியாக வேண்டும். அதற்குத் தங்கை எதை விரும்புவாள் என்று தெரிந்திருக்க வேண்டும். பல வருடம் தள்ளியே இருந்த அக்காவுக்கு அது தெரியுமா? உங்கள் கதையின் மையம் இந்தக் கேள்வியாகவே இருக்கலாம்.

விதி முடிவானதும் ஒரு காகிதத்தில் நகைகளையும் எடையையும் எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கு கதையில் அப்படியே வர வேண்டியதில்லை, ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். வளையல் இரண்டு, ஒவ்வொன்றும் 16 கிராம். சங்கிலி 24 கிராம். மோதிரம் 4 கிராம். கம்மல் ஒரு ஜோடி 6 கிராம். மொத்தம் 66, ஆளுக்கு 33 வர வேண்டும். எப்படி மாற்றி வைத்தாலும் 33 வராது. மிக நெருங்கி வருவது ஒரே ஒரு பிரிவுதான்: இரண்டு வளையல்களும் ஒரு பக்கம் (32), சங்கிலியும் மோதிரமும் கம்மலும் மறுபக்கம் (34). ஆக, எடைப்படி பிரித்தால் வளையல்கள் இரண்டும் ஒருத்திக்கே போயாக வேண்டும், சங்கிலி மற்றவளுக்கு. யாரும் சதி செய்யவில்லை, எண்களே அப்படித் தள்ளிவிடுகின்றன. இப்போது அந்த வளையலிலும் சங்கிலியிலும் பழைய விஷயங்களை ஏற்றி வைத்தால் போதும், கதை தானாக நகரும்.

எதை ஏற்றுவது? நினைவை ஏற்றாதீர்கள். தடயத்தை ஏற்றுங்கள். "இந்த வளையலைப் பார்த்ததும் அம்மாவின் சிரிப்பு ஞாபகம் வந்தது" என்பது நினைவு. வளையல் ஒரு இடத்தில் வெட்டப்பட்டிருக்கிறது என்பது தடயம். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குக் கை வீங்குவதுண்டு. இரத்த ஓட்டம் தடைபடும் என்பதால் முதலில் கையை உயர்த்தி வைத்து, சோப்பு போட்டு வழுக்கிக் கழற்றப் பார்ப்பார்கள். வராவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். வெட்டின வளையலின் எடை பெரிதாகக் குறையாது, விற்றால் கிடைக்கிற மதிப்பும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் அது வெட்டப்பட்ட அன்று பக்கத்தில் ஒருத்தி இருந்தாள், இன்னொருத்தி இல்லை. கவனித்துக்கொண்டவள், தூரத்தில் இருந்தவள் என்ற முழு மனத்தாங்கலும் அந்த ஒரு வெட்டில் அடங்கிவிடும்.

சங்கிலிக்கும் ஒரு தடயம் வேண்டும், ஏனென்றால் நியாயம் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். அக்காவுக்கு அந்தச் சங்கிலியை அம்மா கொடுக்க மறுத்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது அதில் பழைய கொக்கி இல்லை, பெரிதாக ஒரு புதுக் கொக்கி போட்டிருக்கிறது. நடுங்குகிற விரல்களால் சின்னக் கொக்கியை மாட்ட முடியாது. யாரோ அதைக் கவனித்து மாற்றியிருக்கிறார்கள். இரண்டே தடயம்தான். மூன்றாவது வேண்டாம் என்று கண்டிப்பாக இருங்கள்.

அப்புறம், கதையை யார் கண்ணால் பார்ப்பது? நான் அக்காவையே தேர்ந்தெடுப்பேன். தங்கை பக்கம் நின்றால் பட்ட கஷ்டமெல்லாம் புலம்பலாக வந்துவிடும், எத்தனை கட்டுப்படுத்தினாலும். அக்காவுக்கு எதுவும் தெரியாது. அவள் ஒவ்வொன்றையும் முதல் முறையாகப் பார்க்கிறாள், வாசகரும் அவளோடு பார்க்கிறார். இப்படிப் போகலாம்:

கலா பெட்டியைத் திறந்து மேசை மேல் வைத்தாள். சமையலறைத் தராசையும் கொண்டுவந்து வைத்திருந்தாள்.

"நீ பிரிக்கா. நான் எடுத்துக்கறேன்."

"ஏன், நீயே பிரியேன்."

"நீதான மூத்தவ."

அக்கா ஒவ்வொன்றாக எடுத்துத் தராசில் வைத்தாள். சங்கிலி 24. மோதிரம் 4. கம்மல் 6. ஒரு வளையல் 16. இன்னொரு வளையல் கட்டுத்துணியில் சுற்றி இருந்தது. பிரித்தாள். ஒரு இடத்தில் வெட்டுப்பட்டு, முனைகள் இரண்டும் ஒன்றுக்கொன்று சேராமல் நின்றன.

"இது எப்ப?"

"ஆஸ்பத்திரியில. வீங்கியிருந்துச்சு."

அதையும் வைத்தாள். 16. காகிதத்தில் கூட்டினாள், 66 வந்தது. சரிபார்க்க எல்லாவற்றையும் மொத்தமாகத் தராசில் வைத்தாள். 65.

இன்னொரு முறை கூட்டினாள். விரல் விட்டும் கூட்டினாள்.

"அந்தத் தராசு அரை கிராம் கால் கிராமெல்லாம் காட்டாதுக்கா," என்றாள் கலா. அவள் பெட்டியில் இருந்த பஞ்சை மடித்துக்கொண்டிருந்தாள். "ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் கூட்டிக் காட்டியிருக்கும்."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"ஆமா."

அக்கா சங்கிலியை எடுத்து ஒரு பக்கம் வைத்தாள். வீட்டை விட்டுக் கிளம்பின வருடம் ஒரே ஒரு முறை அதைக் கேட்டிருக்கிறாள். கலாவுக்கு ஒண்ணுமில்லையே என்று அம்மா சொன்னாள். கொக்கி மாறியிருந்தது. பழைய கொக்கி இவ்வளவு பெரிதில்லை, நிறமும் இவ்வளவு மஞ்சளில்லை. மோதிரத்தைச் சங்கிலியோடு வைத்தாள். வளையல் இரண்டையும் எதிரில் வைத்தாள். கம்மல் மட்டும் கையில் இருந்தது. அதை வளையல் பக்கம் வைத்தாள்.

கலா இரண்டு குவியலையும் பார்த்தாள்.

"அந்தப் பக்கம் 38 வருதுக்கா. இந்தப் பக்கம் 28."

"பரவாயில்ல. நீதான் பார்த்துக்கிட்ட."

கலா கம்மலை எடுத்துச் சங்கிலி பக்கம் நகர்த்தினாள். "இப்ப ரெண்டு கிராம்தான் வித்தியாசம். அது போதும்."

அப்புறம் சங்கிலியின் கொக்கியை விரலால் தொட்டாள். கண்ணால் பார்க்காமலே திறந்தாள், மாட்டினாள். சங்கிலி, மோதிரம், கம்மல் மூன்றையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஒரு கிராமுக்கு உண்டான பணத்த நான் தந்துடறேன்."

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. நல்ல வளையலை எடுத்துக் கையில் போட்டுப் பார்த்தாள். இளம் வயதில் நின்ற அதே இடத்தில், கட்டைவிரல் மூட்டில் நின்றது. அம்மாவின் கை கலாவுக்குத்தான் வாய்த்தது. கழற்றி வைத்துவிட்டு வெட்டின வளையலை எடுத்தாள். இரண்டு முனையையும் பிடித்து விரிக்கப் பார்த்தாள்.

"பக்கவாட்டுல திருப்புக்கா," என்றாள் கலா. "இழுத்தா பின்னால உடஞ்சிரும்."

இந்த இடத்தில் நிறுத்திவிடுவேன். அக்கா திருப்பினாளா, வளையல் ஏறியதா என்று எழுத மாட்டேன். ஏறும் என்று வாசகருக்குத் தெரியும், ஏனென்றால் அந்த வளையலின் வெட்டுதான் இப்போது அதை அக்காவின் கைக்குச் சரியாக்குகிறது.

மூன்று இடங்களை மட்டும் விளக்குகிறேன், உங்கள் கதையில் எங்கே கை வைக்க வேண்டும் என்று புரியும்.

முதலாவது, கம்மல் நகர்கிற இடம். அக்கா கம்மலை வளையல் பக்கம் வைத்தபோது, சங்கிலிக்காகக் கலாவைவிடப் பத்து கிராம் குறைவாக எடுத்துக்கொள்ளத் தயார் என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறாள். "நீதான் பார்த்துக்கிட்ட" என்பது அதற்குப் போட்ட மூடி. பெருந்தன்மை மாதிரி இருக்கும் அந்தப் பேச்சுக்கு உள்ளே ஒரு கணக்கு இருக்கிறது. கலா அதைப் புரிந்துகொண்டு கம்மலைத் திருப்பி வைக்கிறாள். அதாவது, எனக்கு உன் கூலி வேண்டாம், சமமாகப் பிரி என்கிறாள். அக்காவுக்கு எது வேண்டும் என்று தெரிந்த பிறகும் அதையே எடுத்துக்கொள்கிறாள். கோபமா? இத்தனை நாள் மாட்டிவிட்ட கொக்கியை விட மனமில்லையா? வெட்டின வளையலை அக்கா வைத்திருக்கட்டும் என்ற எண்ணமா? மூன்றுமே இருக்கலாம். நீங்கள் எழுதும்போது இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒரு வாக்கியம் சேர்க்கக் கை துடிக்கும். சேர்க்காதீர்கள். சேர்த்தால் மற்ற இரண்டும் செத்துவிடும்.

இரண்டாவது, தராசு. 66, 65 குழப்பம் நானாக ஜோடித்தது இல்லை. ஒரு கிராமுக்குக் கீழே காட்டாத வீட்டுத் தராசில் இது நடக்கும். 15.6 கிராம் இருக்கிற வளையலை 16 என்று காட்டும், 3.7 கிராம் மோதிரத்தை 4 என்று காட்டும். ஐந்து பொருளிலும் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, தனித்தனியாகக் கூட்டினால் 66 வருகிறது. மொத்தமாக வைத்தால் உண்மையான 64.6 கிராம் 65 ஆகத் தெரிகிறது. எந்தப் பொருளும் காணாமல் போகவில்லை. ஆனால் அந்த ஒரு கிராம் இடைவெளியில் பழைய சந்தேகம் எல்லாம் வந்து உட்கார்ந்துவிடும். "யார் எடுத்தது" என்று யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குக் கலா பதில் சொல்கிறாள், அவ்வளவுதான். தன்னைச் சந்தேகிப்பார்கள் என்று அவள் முன்பே எதிர்பார்த்திருக்கிறாள் என்று அதிலிருந்தே தெரிந்துவிடும். உங்கள் கதையில் "என்னை நீ எப்பவும் நம்பினதே இல்ல" என்று ஒரு வசனம் இருந்தால், அதை எடுத்துவிட்டு இந்த மாதிரி ஒரு பொருள்சார்ந்த குழப்பத்தை வையுங்கள்.

மூன்றாவது, கடைசி வரி. வெட்டுப்பட்ட வளையத்தின் இரண்டு முனையையும் எதிரெதிராக இழுத்தால் வட்டம் கெடும், வெட்டுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் உலோகம் சோர்ந்துபோகும். திரும்பத் திரும்ப அப்படி வளைத்தால் அங்கே விரிசல் விடும். ஒரு முனையை முன்னாலும் இன்னொன்றைப் பின்னாலுமாகப் பக்கவாட்டில் திருப்பினால் வட்டம் அப்படியே நிற்கும், திருப்பி மூடவும் முடியும். பட்டறையில் சின்ன வளையங்களை இப்படித்தான் திறந்து மூடுவார்கள். 16 கிராமில் இந்த அளவுக்குச் செய்த கெட்டி வளையல் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். 22 கேரட் மிருதுவானது, எனவே கையாலேயே திருப்பலாம். இந்த விவரம் கதையில் எதற்கு? கலாவுக்கு இது எப்படித் தெரியும் என்று வாசகர் ஒரு நொடி யோசிப்பார். வெட்டியபோது வளையலை அம்மாவின் கையிலிருந்து விலக்கி எடுத்தது யார், அதைக் கட்டுத்துணியில் சுற்றி வைத்தது யார் என்று அவருக்கே தோன்றும். நான் பக்கத்தில் இருந்தேன் என்று கலா கதையில் எங்கேயும் சொல்லவில்லை. எப்படித் திருப்ப வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறாள். அதே பேச்சில் அக்காவின் மேல் அக்கறையும் இருக்கிறது.

அதற்கான தயாரிப்பு முன்னாலேயே நடந்தாக வேண்டும். கட்டுத்துணி முதல் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. நல்ல வளையல் அக்காவின் மூட்டில் நிற்கும் என்பதை மட்டும் கடைசியில் வைத்தேன். நீளமான கதையாக எழுதினால் இதை இன்னும் முன்னால் கொண்டுபோங்கள். இளம் வயதில் இரண்டு பேரும் அம்மாவின் வளையலைப் போட்டுப் பார்த்தார்கள், ஒருத்திக்கு ஏறியது, ஒருத்திக்கு ஏறவில்லை என்று ஒரே வரி. அம்மாவின் வளையலுக்கு உள் விட்டம் ஆறு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அக்காவுக்கு அதைவிட அரை சென்டிமீட்டர் கூட வேண்டும் என்று மனதில் வைத்துக்கொண்டு எழுதினால் கை தடுமாறாது.

உங்கள் கதையில் இருக்கக்கூடிய ஒன்றிரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியின் அடியில் அம்மாவின் கடிதம் கிடைப்பதாக எழுதியிருந்தால் எடுத்துவிடுங்கள். கடிதம் வந்ததும் இரண்டு பேரும் செய்ய வேண்டிய வேலையை அம்மா செய்துவிடுகிறாள். கம்மலை ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்கிற முடிவும் வேண்டாம். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் உண்மையில் இரண்டு பேருக்கும் போட முடியாத ஒரு பொருள்தான் மிஞ்சும். ஒற்றைக் கம்மலோடு வீட்டுக்குப் போய் அதை என்ன செய்வாள் என்று நினைத்துப் பார்த்தால், அந்த முடிவு பாத்திரங்களுக்காக இல்லாமல் எழுதுபவருக்காக வைக்கப்பட்டது என்று உங்களுக்கே தெரியும்.

நகை பற்றிய தவறுகளும் கதையைக் கீழே இறக்கிவிடும். 22 கேரட் தங்கம் துருப்பிடிக்காது, வருடக்கணக்காகப் பெட்டியில் இருந்தால் அழுக்குப் படிந்து மங்கும், அவ்வளவுதான். கல் வைத்த நகை என்றால் மொத்த எடையில் கல்லின் எடையைக் கழித்துத்தான் தங்கத்துக்கு மதிப்புப் போடுவார்கள். அதனால் என் கணக்கில் கல் நகையே வைக்கவில்லை. வைத்தால் இரண்டு பேரும் வீட்டிலேயே பிரிக்க முடியாது, மூன்றாவது ஆள் ஒருவர் அறைக்குள் வர வேண்டியிருக்கும். இரண்டு சகோதரிகள் மட்டும் இருக்கிற அறையில் மூன்றாவது ஆள் நுழைந்தால் அவர்கள் வேறு மாதிரி நடந்துகொள்வார்கள். அது வேறு கதை.

இப்போது உங்கள் பிரதியை எடுத்து, அவர்கள் கை எந்தெந்த நகையைத் தொடுகிறது என்று மட்டும் வரிசையாக எழுதிப் பாருங்கள். பேச்சும் நினைவும் வேண்டாம், கை மட்டும். என் கதையில் அது இப்படி வரும்: அக்கா எடை போடுகிறாள், துணியைப் பிரிக்கிறாள், கம்மலை வைக்கிறாள், கலா கம்மலை நகர்த்துகிறாள், கொக்கியைத் திறந்து மாட்டுகிறாள், தன் பக்கம் இழுக்கிறாள், அக்கா ஒரு வளையலைப் போட்டுப் பார்க்கிறாள், இன்னொன்றை எடுக்கிறாள். உங்கள் பட்டியலில் ஏதாவது ஒரு இடத்தில் ஒருத்தி வைத்ததை இன்னொருத்தி தொட்டு மாற்ற வேண்டும். அப்படி ஒரு இடம் இல்லையென்றால், கதையைத் திருத்துவதை அந்த இடத்தை உண்டாக்குவதிலிருந்து தொடங்குங்கள்.